மணப்பெண் முகம் ஏன் வெளிறியது? அடோபி ஆர்ஜிபியில் கொடுத்த படங்களும் நான் இழந்த பணமும்

வீட்டிலிருந்தபடியே ஸ்டூடியோக்களுக்கு ரீடச் செய்து கொடுப்பது என் தொழில். போன தை மாதக் கல்யாண சீசனில் ஒரு ஸ்டூடியோக்காரர் மணப்பெண்ணின் போர்ட்ரெய்ட் படங்கள் 40 கொடுத்தார். படத்துக்கு 350 ரூபாய், மொத்தம் 14,000. ரா ஃபைலிலிருந்து அவரே 16 பிட் டிஃப் எடுத்து, அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் அனுப்பியிருந்தார். ஒரு ஃபைலில் எந்தெந்த நிறங்கள் வரை அடங்கும் என்ற எல்லைதான் நிறவெளி. "அப்படியே அடோபி ஆர்ஜிபியிலயே திருப்பிக் கொடும்மா. ஆல்பத்துக்கும் அதுதான், ஆன்லைனுக்கும் அதுதான். கலர் நிறைய இருக்கும்" என்றார். இந்தத் தொழிலில் பலரும் சொல்கிற வார்த்தைதான் அது. பெரிய நிறவெளி என்றால் நல்ல நிறம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

பெண்ணுக்கு மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை, ராணி கலர் பார்டர். மாநிறம், அழகான சருமம். கன்னத்தில் இருந்த சின்னச் சின்னப் பருக்களை எடுத்து, கண்ணுக்குக் கீழே நிழலைக் குறைத்து, தோலின் துளைகள் தெரியும்படியே வைத்து முடித்தேன். ஜேபெக்காக மாற்றும்போது, படம் எந்த நிறவெளியில் இருக்கிறது என்று சொல்லும் ப்ரொஃபைலும் ஃபைலுக்குள் போகும்படி `ICC Profile` கட்டத்தை டிக் செய்துதான் அனுப்பினேன். மனசுக்கு நிறைவான வேலை.

ஸ்டூடியோக்காரர் அவற்றை ஒரு ஆன்லைன் கேலரியில் ஏற்றி, லிங்க்கைப் பெண் வீட்டாருக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலையில் போன். "ஏம்மா, பொண்ணு முகம் காய்ச்சல்ல கிடந்த மாதிரி இருக்கே, என்ன பண்ணி வச்சிருக்க? அவங்க அம்மா அழுகுறாங்க" என்றார். லிங்க்கைத் திறந்தேன். நிஜம்தான். முகத்தில் ரத்த ஓட்டமே இல்லாதது போல ஒரு சாம்பல், அதற்கு மேல் லேசாகப் பச்சை ஏறிய சாயல். புடவையின் மயில் கழுத்து நிறம் துவைத்துத் துவைத்து நைந்தது போல இருந்தது. அதே படம் என் ஃபோட்டோஷாப்பில் ஜம்மென்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இத்தனை வருஷம் இந்தக் கண்ணை நம்பித்தானே பிழைத்தோம், மானிட்டர் என்னை ஏமாற்றிவிட்டதா என்று பயந்தேன்.

முதல் சந்தேகம் மானிட்டர் மேல் போனது. தெரிந்தவரிடம் கேலிப்ரேஷன் கருவி வாங்கிவந்து அளந்தேன். மானிட்டர் சரியாகவே இருந்தது. இதற்குள் பெண் வீட்டில் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். அக்காவின் போனில் பரவாயில்லை, அப்பாவின் லேப்டாப்பில் மோசம், கேலரியில் டவுன்லோட் பட்டனை அழுத்தி இறக்கினால் நன்றாக இருக்கிறது, இறக்காமல் கேலரிப் பக்கத்திலேயே பார்த்தால் வெளிறியிருக்கிறது. கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. ஆனால் விடை அந்தப் புகார்களுக்குள்ளேயேதான் இருந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் புகார்களை ஒதுக்காமல், யார், எந்தக் கருவியில், எந்த வழியாகத் திறந்து பார்த்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டவுன்லோட் செய்தது நன்றாகவும் பக்கத்தில் தெரிவது வெளிறியும் இருந்தால், கோளாறு ரீடச்சிலும் இல்லை, மானிட்டரிலும் இல்லை. இடையில் யாரோ ஃபைலைத் தொட்டிருக்கிறார்கள்.

அதைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த அடி விழுந்தது. "சிவப்பைக் கூட்டிக் கொடும்மா, சாச்சுரேஷனும் ஏத்து" என்றார் ஸ்டூடியோக்காரர். வேலை கொடுப்பவர் அவசரத்தில் இருக்கிறார், பெண் வீட்டார் அவரைப் பிடுங்குகிறார்கள். கூட்டிக் கொடுத்தேன். கேலரியில் முகம் ஓரளவு தேறியது. எல்லாரும் அமைதியானார்கள். அவர் அதே ஃபைல்களை ஆல்பத்துக்கு லேபுக்கும் அனுப்பிவிட்டார். லேப் ப்ரொஃபைலை மதித்து, அடோபி ஆர்ஜிபியாகவே படித்து அச்சடித்தது. ஷீட்டில் முகமெல்லாம் ஆரஞ்சு. மஞ்சள் பூசி வெயிலில் நிறுத்தியது மாதிரி ஒரு மணப்பெண். திரும்ப அச்சடித்த செலவு 6,500 ரூபாயை என் கூலியில் கழித்துக்கொண்டு 7,500 மட்டும் அனுப்பினார். இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்த்ததற்குப் பாதிதான் கையில் வந்தது. பணத்தைவிட, "உனக்குக் கலரே தெரியலையேம்மா" என்று அவர் சொன்னது அதிகமாக வலித்தது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஆராய்ந்தேன். கேலரிப் பக்கத்தில் தெரிகிற படத்தை ரைட் கிளிக் செய்து சேமித்தேன். என்னுடைய ஒரிஜினலையும் அதையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, இலவசமாகக் கிடைக்கிற எக்ஸிஃப்டூல் என்ற கருவியில் இப்படிக் கேட்டேன்.

```
exiftool -ProfileDescription -ColorSpace *.jpg
```

ஒரிஜினலுக்கு `Adobe RGB (1998)` என்று பதில் வந்தது. கேலரியிலிருந்து எடுத்ததற்கு ப்ரொஃபைல் வரியே இல்லை. அந்தக் கேலரி, பெரிய படத்தைத் திரைக்கேற்பச் சிறிதாக்கும்போது எடையைக் குறைக்க ப்ரொஃபைலைக் கழற்றிப் போட்டிருக்கிறது. நிறத்தை மாற்றிவிட்டுக் கழற்றியிருந்தால் பிரச்சினை இல்லை. மாற்றாமல் கழற்றியதுதான் வினை. டவுன்லோட் பட்டன் மட்டும் ஒரிஜினலை அப்படியே கொடுத்ததால் அங்கே நிறம் சரியாக இருந்திருக்கிறது.

உறுதி செய்ய இன்னொரு சோதனை இருக்கிறது. வெளிறிய படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து `Edit > Assign Profile` போய் `Adobe RGB (1998)` என்று கொடுத்துப் பாருங்கள். இது ஃபைலில் உள்ள எண்களை மாற்றாது, அவற்றை எந்த நிறவெளியில் வைத்துப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். கொடுத்த அந்த நொடியே முகத்தில் ரத்தம் ஏறியது, புடவை பளிச்சென்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வேலை கெட்டுப்போகவே இல்லை, படிக்கிற விதம்தான் கெட்டிருந்தது.

இதன் கணக்கை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. ஃபைலில் நிறம் என்று எதுவும் கிடையாது, மூன்று எண்கள்தான். பெண்ணின் கன்னத்தில் ஓர் இடத்தில் என் அடோபி ஆர்ஜிபி ஃபைலில் இருந்தவை சிவப்பு 137, பச்சை 100, நீலம் 77. இதே நிறத்தை இணையத்தின் பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபியில் எழுதினால் 150, 100, 75 ஆகும். பச்சை அப்படியே நிற்கிறது, நீலம் கிட்டத்தட்ட அதேதான், சிவப்பு மட்டும் 13 புள்ளி வித்தியாசம். ப்ரொஃபைல் இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். ஆக 150 தெரிய வேண்டிய இடத்தில் 137 தெரிகிறது. சருமத்தின் உயிரே சிவப்பில்தான் இருக்கிறது. அதில் மட்டும் 13 போனால், பச்சை கூடாமலே பச்சை கூடினது போலத் தெரியும். வெளிறிய முகத்துக்கும் பச்சைச் சாயலுக்கும் காரணம் இவ்வளவுதான். வானமோ மரமோ வெளிறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முகம் வெளிறினால் பெற்ற தாய்க்கு உடனே தெரிந்துவிடும்.

அக்காவின் போனில் மட்டும் ஏன் பரவாயில்லாமல் இருந்தது என்பதும் அப்போது புரிந்தது. அவர் போனில் திரை பளிச்சென்று தெரிவதற்கான மோடு போட்டிருந்தார். அந்த மோடு எல்லா நிறத்தையும் தூக்கிக் காட்டும். படத்தில் குறைந்ததைத் திரை தற்செயலாக ஈடுகட்டிவிட்டது. அதனால் ஒரு போனில் நன்றாகத் தெரிகிறது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இந்த இடத்தில், எது பெரிய நிறவெளி, நமக்கு எவ்வளவு பயன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஆர்ஜிபி 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தது. அப்போதைய சாதாரண மானிட்டர் காட்டக்கூடிய நிறங்களை ஒட்டி அமைந்தது. 1999-ல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. அடோபி ஆர்ஜிபி 1998-ல் வந்தது, அச்சு இயந்திரத்தின் மைகள் தரக்கூடிய நிறங்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதற்காக. சிவப்பு முனையும் நீல முனையும் இரண்டிலும் ஒரே நிறம்தான். பச்சை முனை மட்டும் அடோபியில் வெளியே தள்ளிப் போகிறது. அதனால் அடோபி ஆர்ஜிபி கூடுதலாகத் தருவதெல்லாம் பச்சைப் பக்கத்திலும், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலும்தான்.

இதைப் போர்ட்ரெய்ட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மனிதச் சருமம், சிவப்போ மாநிறமோ கறுப்போ, அநேகமாக முழுக்க எஸ்ஆர்ஜிபிக்குள்ளேயே அடங்கிவிடும். முகத்துக்கு அடோபி ஆர்ஜிபியால் ஒரு நிறமும் கூடுதலாகக் கிடைக்காது. "கலர் நிறைய இருக்கும்" என்பது முகத்தைப் பொறுத்தவரை வெறும் பேச்சு. ராணி கலர் பார்டருக்கும் பெரிய லாபம் இல்லை, அது சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்த ஓரம் இரண்டு நிறவெளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். லாபம் உண்டென்றால் மயில் கழுத்து நிறப் புடவைக்குத்தான். அதைக்கூடக் காட்டக்கூடிய திரையோ அச்சோ எதிரே இருந்தால்தான். ஒரு புடவை லாபத்துக்காக 40 முகத்தைப் பணயம் வைத்த கதை என்னுடையது.

இப்போது நான் செய்வது இதுதான். மூல ஃபைலை, லேயர்களோடு, 16 பிட்டில், வந்த நிறவெளியிலேயே வைத்துக்கொள்கிறேன். அச்சுக்குப் போவது அங்கிருந்து. இணையத்துக்குப் போக ஒரு நகல் எடுத்து, லேயர்களைச் சேர்த்துவிட்டு, `Edit > Convert to Profile` போகிறேன். `Assign Profile` இங்கே கூடவே கூடாது, அது எண்ணை அப்படியே விட்டு நிறத்தை மாற்றிவிடும். `Convert to Profile` நிறத்தைக் காப்பாற்றி எண்ணை மாற்றும், 137-ஐ 150 ஆக்குவது இதுதான். இலக்காக `sRGB IEC61966-2.1` தேர்ந்தெடுத்து, `Relative Colorimetric`, அதோடு `Use Black Point Compensation`. அதற்கப்புறம் அளவைக் குறைத்து, லேசாக ஷார்ப்பன் செய்து, 8 பிட்டாக்கி, ஜேபெக்காகச் சேமிக்கும்போது `ICC Profile` டிக். எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் 3 கிலோபைட் சொச்சம்தான், எடை ஒரு பொருட்டில்லை. வழியில் எவன் கழற்றிப் போட்டாலும் பிரவுசர் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், ஃபைலும் எஸ்ஆர்ஜிபி, நிறம் மாறாது. நான் தேடிக்கொண்டிருந்த பாதுகாப்பு இதுவே. லைட்ரூமில் வேலை செய்பவர்கள் எக்ஸ்போர்ட் பக்கத்தில் `Color Space` என்ற இடத்தில் `sRGB` வைத்தாலே இது நடந்துவிடும்.

மாற்றும்போது புடவையைக் கவனிக்க வேண்டும். முகம் அலுங்காமல் வந்துவிடும், மயில் கழுத்துப் பட்டு வராது. எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே இருக்கிற நிறங்களை அதன் ஓரத்துக்கு வெட்டி ஒட்டிவிடும். என் படத்தில் வெளிச்சம் விழுந்த மடிப்புகளில் இது நடந்தது. `Channels` பேனலில் சிவப்புச் சேனலை மட்டும் பார்த்தால், மடிப்புக்கு மடிப்பு இருக்க வேண்டிய ஏற்ற இறக்கம் போய் ஒரே கறுப்புத் திட்டு, எண் 0. பட்டின் நெசவு அங்கே காணாமல் போயிருந்தது. மாற்றுகிற பெட்டியில் `Perceptual` என்று ஒரு தேர்வு இருக்கிறதே, அது மென்மையாக அடக்குமே என்று நானும் போட்டுப் பார்த்தேன். இந்த எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது. எதைத் தேர்ந்தாலும் வெட்டுதான்.

கையால்தான் சரிசெய்ய வேண்டும். மாற்றுவதற்கு முன்பு `View > Proof Setup > Custom` போய் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்துகொண்டு, `Preserve RGB Numbers` டிக்கை எடுத்துவிட்டு, `View > Gamut Warning` போட்டால் வெளியே நிற்கிற இடங்கள் சாம்பல் திட்டாகத் தெரியும். புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்ட ஒரு `Hue/Saturation` லேயரில் சியான் பகுதியின் சாச்சுரேஷனை 10, 15 என்று குறைத்துக்கொண்டே வந்தேன். திட்டு முழுக்கப் போக வேண்டும் என்றில்லை. மடிப்பின் உள்ளே நெசவு திரும்பத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முழுக்கப் போக்கினால் புடவை செத்துவிடும். இந்த லேயர் இணைய நகலில் மட்டும்தான், அச்சு ஃபைலில் கிடையாது.

ஐபோன் 7-லிருந்து ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற இன்னொரு பெரிய நிறவெளியில் படம் எடுக்கின்றன. அதைத் திரையில் காட்டவும் செய்கின்றன. எனவே இணையத்துக்கே பெரிய நிறவெளியில் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கலாம், இடம் உங்களுடையதாக இருந்தால். சொந்த இணையதளம், படத்தைச் சிறிதாக்கும் மென்பொருள் உங்கள் கையில், ப்ரொஃபைல் கழறாது என்று சோதித்துப் பார்த்தாயிற்று என்றால் சரி. இன்றைய பெரிய பிரவுசர்கள் ப்ரொஃபைல் இருந்தால் மதிக்கும். ஆனால் பி3 ஃபைலில் ப்ரொஃபைல் கழன்றாலும் இதே போல முகம் மங்கும். வாடிக்கையாளர் எங்கெங்கோ ஃபார்வர்ட் செய்யப்போகிற படத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம் என்பது என் தீர்மானம்.

படங்களை வாங்கும்போதே பார்க்க ஒரு குறிப்பு. கேமராவிலேயே அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்த ஜேபெக் என்றால் பல கேமராக்களில் ஃபைல் பெயர் `_DSC` அல்லது `_MG_` என்று அடிக்கோட்டில் தொடங்கும். அப்படிப்பட்ட சில ஃபைல்களில் ப்ரொஃபைலே இருக்காது, தகவல் வரியில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அதைப் படிக்காத மென்பொருளில் வேலை தொடங்கும் முன்பே முகம் வெளிறித்தான் இருக்கும், அதைச் சரி என்று நினைத்து ரீடச் செய்ய ஆரம்பித்தால் எல்லாம் கோணல். ஃபோட்டோஷாப்பில் `Edit > Color Settings` போய் `Missing Profiles` பக்கத்தில் `Ask When Opening` டிக் செய்து வையுங்கள். ப்ரொஃபைல் இல்லாத ஃபைல் வந்தால் திறக்கும்போதே கேட்கும். ரா ஃபைலுக்கு இந்தக் கேமரா அமைப்பு பொருட்டில்லை, அதை வெளியே எடுக்கும்போது நாம் சொல்வதுதான் கணக்கு.

இந்தக் கணக்கையெல்லாம் இரண்டு படங்களோடு ஸ்டூடியோக்காரருக்கு அனுப்பினேன், ஒன்று கழன்றது, ஒன்று எஸ்ஆர்ஜிபியாக மாற்றியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கழித்த 6,500-ம் திரும்பவில்லை. ஆனால் கேலரியில் புதுப் படங்களை ஏற்றச் சம்மதித்தார். சிவப்புக் கூட்டியவற்றைத் தூக்கிவிட்டு, முதலில் முடித்த மூலத்திலிருந்தே எடுத்து மாற்றிக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா இரண்டு படங்களை வீட்டில் மாட்டப் பெரிதாகக் கேட்டதாகச் சொன்னார். அந்த வேலையும் எனக்கே வந்தது.

இப்போதெல்லாம் வேலை ஒப்புக்கொள்ளும்போதே ஃபைல் இரண்டு ஃபோல்டராக வரும் என்று எழுதிவிடுகிறேன், `web_sRGB` ஒன்று, `print_AdobeRGB` ஒன்று. எந்த லேபாக இருந்தாலும் எந்த ப்ரொஃபைலில் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன், எஸ்ஆர்ஜிபி மட்டுமே கேட்கிற லேபுகளும் உண்டு. புதிய கேலரி என்றால் முதலில் ஒரே ஒரு அடோபி ஆர்ஜிபி படத்தை ஏற்றி, பக்கத்தில் தெரிவதைச் சேமித்து, எக்ஸிஃப்டூலில் பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிஷ வேலை.